நான்காவது மெயிலுக்காகக் காத்திருப்பவர்கள்

"வணக்கம் மேடம். ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் புராஜெக்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று ஊழியர்கள் பதியும் டைம்ஷீட்டை 160 பேரிடம் வாராவாரம் வாங்குவது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலை 6 மணி கடைசி நேரம். வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் என்று நான்கு மெயில் எல்லோருக்கும் அனுப்புகிறேன். ஆனாலும் திங்கள் காலையில் நாற்பது, நாற்பத்தைந்து பேருடையது வந்திருக்காது. எல்லாம் வந்து சேரப் புதன் ஆகிவிடும். 'இன்னும் கண்டிப்பா எழுதுங்க' என்கிறார் என் மேனேஜர். ஒரு வாரம் சிவப்பு எழுத்தில் போட்டேன். 'ஸ்கூல் மாதிரி இருக்கு' என்று இரண்டு பேர் பதில் எழுதினார்கள். என்னைவிட வயதிலும் பதவியிலும் பெரியவர்கள் பலர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். திட்டாமல், ஆனால் கண்டிப்பாக எப்படி எழுதுவது?"
ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்

அன்புள்ள வாசகிக்கு,

வார்த்தைகளுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு உங்கள் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? டைம்ஷீட் போடும் போர்ட்டல் மூடுகிறதா? அக்கவுண்ட்ஸில் யாராவது பட்டியலை எடுத்து இன்வாய்ஸ் போட உட்காருகிறார்களா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. ஆறு மணி ஏழாகிறது, எல்லோரும் வண்டி பிடித்து வீட்டுக்குப் போகிறார்கள், திங்கட்கிழமை உங்களிடமிருந்து இன்னொரு மெயில் வருகிறது.

அந்த நாற்பது பேர் உங்கள் மெயிலைக் கவனிக்காமல் இல்லை. நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறினால் திங்கள் மெயில் வரும், அதுவும் தவறினால் செவ்வாய் மெயில் வரும், புதன் மதியத்துக்குள் போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் நான்கு மெயில்கள்தான். கடைசி மெயில் எப்போது வருகிறதோ அதுதான் அவர்கள் மனதில் இருக்கும் கடைசி நேரம். ஐந்தாவதாக ஒரு மெயில் சேர்த்தால் அது வியாழனுக்குத் தள்ளிப்போகும். சிவப்பு எழுத்து வேலை செய்யாததற்கும் இதுதான் காரணம்.

நான் இதே வேலையைப் பல வருடம் செய்தவள். அதனால் உங்கள் மேனேஜரின் ஆலோசனையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த வாரம் அக்கவுண்ட்ஸ் பக்கம் போய் ஒருவரிடம் பேசுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "டைம்ஷீட் எத்தனை மணிக்கு உங்கள் கைக்கு வந்தால் உங்கள் வேலை நிற்காது?" பெரும்பாலும் வெள்ளி ஆறு மணி என்று சொல்ல மாட்டார்கள். திங்கள் மதியம் 12 மணி என்பார்கள், அல்லது மேனேஜர் அப்ரூவலும் சேர்த்துத் திங்கள் மாலைக்குள் என்பார்கள். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். திங்கள் மாலை 5 மணிக்கு அப்ரூவலோடு வேண்டும் என்றால், மேனேஜர்கள் பார்த்து ஒப்புதல் தர அரை நாள் வேண்டும். ஆக, ஊழியர்களுக்கு உண்மையான கடைசி நேரம் திங்கள் காலை 11 மணி.

அதை அறிவியுங்கள். வெள்ளி மாலை என்று சொல்லிவிட்டுப் புதன்வரை ஏற்றுக்கொள்வதைவிட, திங்கள் 11 மணி என்று சொல்லி 11 மணிக்கு மூடுவது எவ்வளவோ கண்டிப்பானது. போர்ட்டலில் அந்த வாரத்தை மூடும் வசதி பெரும்பாலும் இருக்கும். அட்மின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, 11 மணிக்கு மூட ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு அப்புறம் போட வேண்டியவர், தன் மேனேஜர் மூலம் உங்களுக்குக் கோரிக்கை அனுப்பித் திறக்கச் சொல்ல வேண்டும். தண்டனை என்று இதில் ஒன்றும் இல்லை, ஒரு படி கூடுதல் வேலை, அவ்வளவுதான். ஆனால் "டைம்ஷீட் போட மறந்துட்டேன், திறக்கச் சொல்லுங்க" என்று தன் மேனேஜரிடம் போய்க் கேட்க யாரும் விரும்ப மாட்டார்கள். அது போதும்.

இதற்கு, புராஜெக்ட்களுக்கெல்லாம் பொறுப்பான டெலிவரி ஹெட் ஒருவரின் சம்மதம் வேண்டும், அதுவும் மெயிலில் வேண்டும். வாய்வார்த்தையாக வாங்கிவிட்டு மூடினீர்கள் என்றால், முதல் வாரமே ஏதோ ஒரு பெரியவர் போன் செய்து "எனக்கு மட்டும் திறந்துவிடும்மா" என்பார், உங்களால் மறுக்க முடியாது. முடிவு உங்களுடையதாக இருக்கக் கூடாது. அதைச் செயல்படுத்துவது மட்டும்தான் உங்கள் வேலை. வயதிலும் பதவியிலும் பெரியவர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தயக்கம் இதனால்தான் குறையும். எவ்வளவு மரியாதையாகவும் பேசலாம், ஆனால் விதி உங்களுடையது இல்லை என்பது இரு பக்கமும் தெரிந்திருக்கும்.

அடுத்தது பட்டியல். என்னைப் பொறுத்தவரை மெயிலைவிட இதுதான் முக்கியம்.

160 பேருக்கும் அனுப்புகிறீர்கள். அதில் 115 பேர் ஏற்கனவே போட்டுவிட்டவர்கள். வாராவாரம் தனக்குச் சம்பந்தமில்லாத மெயில் வரும்போது ஒருவர் என்ன செய்வார்? இரண்டு வாரம் திறந்து பார்ப்பார், மூன்றாவது வாரம் அவுட்லுக்கில் ஒரு ரூல் போட்டு அதை வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவார். அப்புறம் ஒரு வாரம் அவரே உண்மையில் மறக்கும்போது உங்கள் மெயில் அவர் கண்ணில் படாது. ஒழுங்காகப் போடுபவரையும் இப்படித்தான் இழக்கிறோம். போடாதவருக்கோ, 160 பேருக்குப் போன மெயில் யாருக்கோ போன மெயில்தான். பேர் சொல்லிக் கூப்பிடாத வரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் போடாதவர்களுக்கு மட்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. எக்செல்லில் ஒரு ஷீட்டில் 160 பேரின் ஊழியர் எண், பெயர், மெயில், மேனேஜர் பெயர். இரண்டாவது ஷீட்டுக்கு `Submitted` என்று பெயர் வைத்து, போர்ட்டலிலிருந்து இறக்கிய பட்டியலை அதில் ஒட்டுங்கள். மூன்றாவது `Leave`. அந்த வாரம் முழுக்க விடுப்பில் இருப்பவர்களின் எண் அதில். முதல் ஷீட்டின் கடைசிப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(COUNTIF(Submitted!A:A,A2)+COUNTIF(Leave!A:A,A2)=0,"Pending","")
```

மூன்று ஷீட்டிலும் A பத்தியில் ஊழியர் எண்தான் இருக்க வேண்டும். பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். நம் ஊரில் ஒரே அலுவலகத்தில் நான்கு கார்த்திக், மூன்று பிரியா இருப்பார்கள். `Pending` என்று வந்தவர்களை மட்டும் ஃபில்டர் செய்து, திரையில் தெரியும் வரிகளை மட்டும் காப்பி செய்து புதிய கோப்பில் ஒட்டிச் சேமியுங்கள். வேர்டில் `Mailings` பகுதியில் `Start Mail Merge` மூலம் அந்தக் கோப்பை இணைத்து, `Finish & Merge` வழியாக அனுப்பினால், அவரவர் பெயரோடு தனித்தனி மெயிலாகப் போகும். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், பழகிவிட்டால் பத்து நிமிடம். முதலில் உங்கள் மெயிலுக்கே இரண்டு மூன்று அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுப்பு ஷீட்டை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன். நான் இருந்த ஒரு நிறுவனத்தில், போடாதவர்களின் பெயர்ப் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பும் வழக்கம் இருந்தது. நானும் அனுப்பினேன். ஒரு திங்கட்கிழமை அந்தப் பட்டியலில் பதினோராவதாக இருந்தவர், அப்பா தவறிப்போய் ஊரில் இருந்தார். அன்று பதினாறாம் நாள் காரியம். அவர் விடுப்பு எச்.ஆர். சிஸ்டத்தில் இருந்தது, டைம்ஷீட் போர்ட்டலுக்கு வந்து சேரவில்லை. நான் போர்ட்டலை மட்டும் பார்த்தேன். "போடத் தவறியவர்கள்" என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரை அத்தனை பேர் பார்த்தார்கள். அவருடைய டீம் லீட் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் திரும்பி வந்த அன்று நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார். அந்த வாரத்தோடு பெயர்ப் பட்டியலை எல்லோருக்கும் அனுப்புவதை நிறுத்தினேன்.

யாரையும் அப்படிப் பட்டியல் போட்டு ஊருக்குக் காட்ட வேண்டாம். மனசு நோகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பட்டியலில் ஒரே ஒரு பெயர் தப்பாக இருந்தாலும் மற்ற நாற்பது பேரும் "இவங்க லிஸ்ட்டே தப்பு" என்று சொல்ல வழி கிடைத்துவிடும்.

சரி, அந்த நாற்பத்தைந்து பேர் யார்? ஒரே ஒரு திங்கட்கிழமை, மெயில் எதுவும் அனுப்பாமல், அந்தப் பட்டியலோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். நான் முதல் முறை அப்படி உட்கார்ந்தபோது எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு எண்கள் மாறும், வகைகள் பெரிதாக மாறாது. என் பட்டியலிலும் நாற்பத்தைந்து பேர்தான். அதில் ஒன்பது பேர் விடுப்பில் இருந்தவர்கள், அல்லது அந்த புராஜெக்டிலிருந்து எப்போதோ விலகியும் பட்டியலில் பெயர் தங்கிவிட்டவர்கள். எட்டுப் பேருக்கு போர்ட்டலைத் திறந்தால் புராஜெக்ட் கோடே வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களும் மாற்றலாகி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் எங்கே நேரத்தைப் பதிவது என்று தெரியாமல் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். சிலர் ஐ.டி. உதவிப் பிரிவுக்கு எழுதிப் பதில் வராமல் இருந்தார்கள். ஆறு பேர் நாற்பது மணி நேரத்தையும் சரியாக நிரப்பி, `Submit` அழுத்தாமல் `Save` மட்டும் அழுத்தியிருந்தார்கள். தாங்கள் போட்டுவிட்டதாகவே அவர்கள் நம்பினார்கள். என்னிடமிருந்து மெயில் வரும்போதெல்லாம் "நான்தான் போட்டேனே" என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

மீதி இருபத்திரண்டு பேர். அவர்கள்தான் உண்மையில் போடாதவர்கள். நான் அத்தனை மாதமாக நாற்பத்தைந்து பேரோடு போராடிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அதில் பாதிப் பேரிடம் தப்பே இல்லை, அல்லது ஒரே ஒரு பட்டனில் இருந்தது. அவர்களைத் திட்டுவது போல எழுதியிருந்தால் அவர்களுக்கு வரும் கோபம் நியாயமானது.

ஆகவே உங்கள் மெயிலில் `Save`, `Submit` பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். கோட் வராதவர் உங்களுக்குப் பதில் எழுத ஒரு வரி வேண்டும். கோட் வராதவர் எழுதினால், அன்றே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவரிடம் நீங்களே ஒரு தடவை தாமதித்துவிட்டால், அப்புறம் அவரிடம் நேரம் பற்றிப் பேச வாய் வராது.

இப்போது மெயில். வாரத்துக்கு இரண்டு போதும். வியாழக்கிழமை மெயிலை நிறுத்திவிடுங்கள். வாரம் முடியாதபோது நினைவூட்டினால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிவைக்கத்தான் தோன்றும். அதற்குப் பதிலாக, வெள்ளி மாலை 4:30க்கு "டைம்ஷீட், 10 நிமிடம்" என்று வாராவாரம் திரும்ப வரும் ஒரு காலண்டர் அழைப்பை ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மற்றபடி உங்கள் முதல் மெயில் வெள்ளி மாலை 5 மணிக்கு, அதுவரை போடாதவர்களுக்கு மட்டும் போகட்டும். இரண்டாவது மெயில் திங்கள் காலை 9:15க்கு. அதற்கப்புறம் 11 மணிக்குப் போர்ட்டல் மூடும், அது சம்பந்தமாக மெயில் எதுவும் இல்லை.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். ஆனால் சொல்ல வேண்டியது என்ன என்று தெரிவதற்காகத் தமிழிலேயே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மெயில் இப்படி இருக்கலாம்:

*பொருள்: ஏப்ரல் 21–25 டைம்ஷீட்: உங்களுடையது இன்னும் வரவில்லை*

*வணக்கம் கார்த்திக்,*

*ஏப்ரல் 21–25 வாரத்துக்கான உங்கள் டைம்ஷீட் இன்று மாலை 5 மணிவரை வரவில்லை. போர்ட்டல் திங்கள் காலை 11 மணிக்கு மூடும்.*

*நிரப்பி முடித்ததும் `Save` மட்டும் போதாது, `Submit` அழுத்த வேண்டும். புராஜெக்ட் கோட் திரையில் வரவில்லை என்றால் இந்த மெயிலுக்கு "கோட் இல்லை" என்று பதில் எழுதுங்கள், நான் வாங்கித் தருகிறேன்.*

*நன்றி.*

போர்ட்டலின் இணைப்பை "போர்ட்டல்" என்ற சொல்லிலேயே வைத்துவிடுங்கள். அந்த வாரத்தின் பக்கத்துக்கே நேராகப் போகும் இணைப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

இதில் "ஜென்டில் ரிமைண்டர்" இல்லை. ஜென்டில் என்று எழுதினால் மென்மையாக இருக்கும் என்று நினைக்கிறோம். படிப்பவருக்கு அது, "நான் கோபமாக இருக்கிறேன், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்" என்று கேட்கிறது. "பலமுறை சொல்லியும்", "தயவுசெய்து இனியாவது", "புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம்" எல்லாம் இதே வகைதான். இவை டைம்ஷீட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, எதிரில் இருப்பவரின் குணத்தைப் பற்றிச் சொல்கின்றன. திட்டுவது போலத் தோன்றுவது அதனால்தான். ஒரு வாக்கியம் நடந்ததைச் சொல்கிறதா, ஆளைச் சொல்கிறதா என்று பாருங்கள். "இன்று 5 மணிவரை வரவில்லை" என்பது நடந்தது. "நீங்கள் தொடர்ந்து அலட்சியம் செய்கிறீர்கள்" என்பது ஆள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் இப்படிப் பார்த்து, ஆளைப் பற்றிய வரிகளை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது தானாகவே கண்டிப்பாக இருக்கும்.

பொருள் வரியில் தேதியை மறக்காதீர்கள். வாராவாரம் ஒரே பொருள் வரி போட்டால் அவுட்லுக் எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்துவிடலாம். பழைய மெயில்களுக்கு நடுவில் இந்த வாரத்து மெயில் புதைந்துவிடும்.

திங்கட்கிழமை மெயில் இன்னும் சிறியது:

*வணக்கம் கார்த்திக்,*

*ஏப்ரல் 21–25 டைம்ஷீட்டை 160 பேரில் 141 பேர் முடித்துவிட்டார்கள். உங்களுடையது இன்னும் வரவில்லை. போர்ட்டல் இன்று காலை 11 மணிக்கு மூடும். அதன்பின் திறக்க உங்கள் மேனேஜர் எனக்கு எழுத வேண்டும். இந்த வார நேரம் அடுத்த மாத இன்வாய்ஸுக்குப் போக நேரலாம்.*

"இன்னும் 19 பேர் போடவில்லை" என்று எழுதாமல் "141 பேர் முடித்துவிட்டார்கள்" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. நம் திருவக்கரையில் இருப்பது போலவே அமெரிக்காவின் அரிசோனாவிலும் கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துப்போவது அங்கே பெரிய தலைவலி. ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அங்கே வேறு வேறு வாசகங்களில் பலகை வைத்துப் பார்த்தார்கள். "இதற்கு முன் வந்த பலர் எடுத்துப் போயிருக்கிறார்கள்" என்று வருத்தப்பட்டு எழுதிய பலகை இருந்த இடத்தில், "எடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதிய இடத்தைவிட அதிகமாகத் திருடு போனது. எத்தனை பேர் செய்யவில்லை என்று சொன்னால், செய்யாதவருக்கு அது துணையாகிவிடுகிறது. "பாதிப் பேர் இன்னும் போடவில்லை" என்று நாம் ஆதங்கத்தில் எழுதுவதும் அப்படித்தான் படிக்கப்படுகிறது. ஆனால் எண் உண்மையாக இருக்க வேண்டும். முடித்தவர்கள் பாதிக்கும் குறைவாக இருக்கும் வாரத்தில் அந்த வரியையே விட்டுவிடுங்கள்.

இன்வாய்ஸ் பற்றிய வரி உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளையன்ட் மணிக்கணக்கில் பணம் தரும் புராஜெக்ட்களில், அப்ரூவ் ஆன டைம்ஷீட்தான் பில்லுக்கு ஆதாரம். ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்கிறார், மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால், அவர் ஒருவருடைய டைம்ஷீட் இல்லாவிட்டால் 1,000 டாலருக்கு அந்த மாதம் பில் போட முடியாது. அடுத்த மாதம் சேர்த்துப் போட்டால், போன மாத வேலைக்கு இந்த மாதம் ஏன் பில் என்று கிளையன்ட் கேட்பார். ஊழியருக்கு இது எதுவும் தெரியாது. அவர் சம்பளம் மாதக் கடைசியில் எப்போதும் போல வந்துவிடுகிறது. டைம்ஷீட்டுக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைப்பதில் தப்பில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இதை வாராவாரம் மெயிலில் விளக்க வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை டீம் கூட்டத்தில் அக்கவுண்ட்ஸ் ஆள் ஒருவர் வந்து ஒரு உண்மையான இன்வாய்ஸை, தொகையை மறைத்துக் காட்டி, இரண்டு நிமிடம் பேசட்டும். பில்லின் எந்த வரி தன்னுடையது என்று பார்த்தவர் மறப்பது குறைவு.

புராஜெக்ட் மொத்தமாக ஒரு தொகைக்கு ஒப்பந்தமானது என்றால் இந்த வரி பொய்யாகிவிடும், எடுத்துவிடுங்கள். நடக்காத ஒன்றை நடக்கும் என்று ஒரு தடவைகூட எழுதக் கூடாது. முக்கியமாக, "சம்பளம் நிறுத்தப்படும்" என்று எழுதவே எழுதாதீர்கள். உழைத்த நாளுக்கான சம்பளத்தை ஒரு படிவத்துக்காக நிறுத்துவது சட்டச் சிக்கல். அதை முடிவு செய்யும் இடத்திலும் நீங்கள் இல்லை. எழுதிவிட்டு நடக்காமல் போனால், நீங்கள் எழுதும் 11 மணியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு மாதம் இப்படிச் செய்தால் பட்டியல் பத்து, பன்னிரண்டு பேராக இறங்கும் என்பது என் அனுபவம். அப்புறம் ஒரு ஐந்தாறு பேர் மிஞ்சுவார்கள், வாராவாரம் அதே பெயர்கள். அவர்களுக்கு மெயில் போதாது. போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். கேட்க வேண்டியது "ஏன் போடவில்லை" என்பது அல்ல. "போடும்போது எந்த இடத்தில் சார் சிக்கல் வருது?" என்று கேளுங்கள்.

எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளிக்கிழமையும் போட மாட்டார், திங்கட்கிழமையும் போட மாட்டார். அலட்சியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் இடத்துக்குப் போய்க் கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினார். ஐந்து புராஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் தனி வரி, ஒவ்வொரு வரியிலும் ஐந்து நாள். இருபத்தைந்து கட்டம். செவ்வாய்க்கிழமை காலை எந்த புராஜெக்டின் கேள்விக்கு எவ்வளவு நேரம் பதில் சொன்னோம் என்பது வெள்ளிக்கிழமை அவருக்கு நினைவில் இல்லை. "தப்பா போட மனசு வரலைம்மா, சரியா போட நேரமில்லை" என்றார். அவருடைய மேனேஜரிடம் பேசினோம். ஒரு வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக வந்த புராஜெக்ட்களை எல்லாம் பொது ஆலோசனைக்கான ஒரே கோடில் போடலாம் என்று அனுமதி கிடைத்தது. இருபத்தைந்து கட்டம் பத்தானது. அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட அவர் பெயர் என் பட்டியலில் வரவில்லை. இந்த அனுமதி எல்லா இடத்திலும் கிடைக்காது, கிளையன்ட் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குக் கேட்டால் முடியாது. அப்படிப்பட்டவருக்குத் தினமும் மாலை இரண்டு நிமிடம் போட்டுவிடும் பழக்கம்தான் வழி. அதை நேரில் உட்கார்ந்து பேசினால்தான் ஏற்பார்.

ஒன்றும் சிக்கல் இல்லை, போடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று இருப்பவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். மூன்று வாரம் தொடர்ந்து தவறினால், தேதிகளோடு அவர் மேனேஜருக்கு ஒரு தனி மெயில் போடுங்கள். "ஏப்ரல் 7, 14, 21-ல் தொடங்கும் மூன்று வார டைம்ஷீட்டும் போர்ட்டல் மூடிய பிறகே வந்தன. நீங்கள் அவரிடம் பேச முடியுமா?" அவ்வளவுதான். அதற்கு மேல் அது மேனேஜரின் வேலை, உங்களுடையது அல்ல.

மேனேஜர்களையும் சொல்ல வேண்டும். ஊழியர் போட்டுவிட்டார், மேனேஜர் அப்ரூவ் செய்யவில்லை என்று எத்தனை கிடக்கிறது என்று தனியாக எண்ணிப் பாருங்கள். திங்கள் மதியம் 2 மணிக்கு ஒவ்வொரு மேனேஜருக்கும் அவருடைய டீம் பெயர்களை மட்டும் வைத்து இதேபோல ஒரு சின்ன மெயில் அனுப்புங்கள்.

மாதக் கடைசி வாரத்தில் கவனம் வேண்டும். 2025 ஏப்ரல் 30 புதன்கிழமை வந்தது, மறுநாள் மே தின விடுமுறை. ஏப்ரல் மாத பில்லுக்கு அந்த வாரத்தின் முதல் மூன்று நாள் கணக்கு புதன் மாலைக்குள் வேண்டும், மீதி நாட்கள் மே மாதத்துக்குப் போகும். எல்லோரும் பழக்கத்தில் வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பார்கள், உங்கள் வழக்கமான மெயிலும் வெள்ளிக்கிழமைதான் போகும். மாதம் வாரத்தின் நடுவில் முடியும் தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த வாரம் மட்டும் 160 பேருக்கும் ஒரு மெயில் போகலாம், ஏனென்றால் அப்போது அது எல்லோருக்கும் புதிய செய்தி: "இந்த வாரம் டைம்ஷீட் இரண்டு பகுதி. திங்கள் முதல் புதன் வரை, புதன் மாலை 5 மணிக்குள்." எல்லோருக்குமான மெயிலை இப்படி அபூர்வமாக வைத்திருந்தால் அது வரும்போது படிப்பார்கள்.

இந்த மாற்றங்களைத் தொடங்கும் முன் ஒரு வாரம் முன்னதாக டெலிவரி ஹெட் பெயரில் ஒரே ஒரு அறிவிப்பு போகட்டும்: எந்த வாரத்திலிருந்து, எத்தனை மணிக்கு மூடும், திறக்க யார் எழுத வேண்டும். முதல் திங்கட்கிழமை 11:05க்கு உங்களுக்குப் போன் வரும். நிச்சயம் வரும், பெரும்பாலும் மூத்தவர் ஒருவரிடமிருந்து. "உங்க மேனேஜர்கிட்ட இருந்து ஒரு லைன் வரச் சொல்லுங்க சார், வந்த உடனே திறந்துடறேன்" என்று சொல்லுங்கள். வந்ததும் உடனே திறந்துவிடுங்கள், காக்க வைக்காதீர்கள். அவர் போட்டு முடித்து "சாரி, லேட் ஆயிடுச்சு" என்று எழுதினால், "வந்துவிட்டது சார், நன்றி" என்று மட்டும் பதில் போடுங்கள்.